மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா: பிட்யூட்டரியின் இரு பாதைகள்

(நீண்ட பதிவு. அறிவியல் வரலாற்றிலும் கலைச்சொல்லாக்கத்திலும் ஈடுபாடு உடையோருக்காக.)

முனைவர் பட்ட ஆய்வுக்காக மருத்துவக் கலைச்சொற்களின் வினைப்பயன்பாட்டைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு வாக்கியம் என்னை நிறுத்தியது. 'பிட்யூட்டரியின் பின்கதுப்பு ஆக்சிடோசினைச் சுரக்கிறது' என்பதே அவ்வாக்கியம். நான் அதைத் தயக்கமின்றி என் தரவுத்தாளில் சேர்த்திருந்தேன். மருத்துவம் படிக்கும் என் தங்கை அதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது தவறு; பின்கதுப்பு எதையும் சுரப்பதில்லை" என்றாள். தன் திசுவியல் பதிவேட்டைத் திறந்து, ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பென்சிலால் வரைந்திருந்த படத்தைக் காட்டினாள். "இதில் சுரப்பி உயிரணு எங்கே இருக்கிறது, காட்டு பார்க்கலாம்" என்று கேட்டாள். என்னால் காட்ட முடியவில்லை. அவள் கேட்ட அதே கேள்வி இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் திசுவியலாளர்களை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அலைக்கழித்தது என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். அந்த வரலாற்றையே இங்கு எழுதுகிறேன்.

ஒரு பெயர், இரண்டு திசுக்கள்

பிட்யூட்டரி என்ற பெயர் சளியைக் குறிக்கும் 'பிட்யூட்டா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மூளையின் கழிவு ஒரு புனல் வழியாகக் கீழிறங்கி, இவ்வுறுப்பை அடைந்து, பின்னர் மூக்கின் வழியே சளியாக வெளியேறுகிறது என்பது கேலன் காலத்துக் கொள்கை. பதினேழாம் நூற்றாண்டில் கான்ராட் விக்டர் ஷ்னைடர் மூக்குச் சளி மூளையிலிருந்து வருவதில்லை என்று காட்டியபின் அக்கொள்கை வீழ்ந்தது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. தமிழில் சிலர் இதனைக் 'கபச் சுரப்பி' என்று வழங்குவதும் அந்தப் பழைய பிழையின் நேர்மொழிபெயர்ப்பே. ஆயினும் கேலனின் கொள்கையில் ஒரு கூறு மட்டும் தற்செயலாகச் சரியாக அமைந்திருந்தது. மூளையிலிருந்து ஏதோ ஒன்று கீழ்நோக்கி இவ்வுறுப்புக்குள் இறங்குகிறது என்பதே அது. இறங்கும் பொருள் எது என்பதில் அவர் தவறினார், திசையில் தவறவில்லை. இருபதாம் நூற்றாண்டின் ஆய்வாளர்கள் சிலருக்கு இதற்கு நேர்மாறாக நிகழ்ந்தது. அவர்கள் கட்டமைப்பைத் துல்லியமாகக் கண்டனர். திசையைத் தலைகீழாகப் படித்தனர்.

முதலில் கட்டமைப்பைக் காண்போம். மனிதப் பிட்யூட்டரி ஏறத்தாழ அரை கிராம் எடையுள்ளது, பட்டாணி அளவினது. மண்டையோட்டின் அடித்தளத்தில் ஓர் எலும்புக் குழியில் அமர்ந்து, மெல்லிய காம்பொன்றினால் மேலேயுள்ள ஹைபோதலாமஸுடன் இணைந்திருக்கிறது. அதன் குறுக்குவெட்டை ஹீமடாக்சிலின், இயோசின் என்னும் வழக்கமான சாயங்களில் தோய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், ஒரே உறுப்பில் இரண்டு வேறு உலகங்கள் தென்படும்.

முன்கதுப்பு வண்ணம் செறிந்தது. அதன் உயிரணுக்கள் கொத்துகளாகவும் கயிறுகளாகவும் நெருங்கி அமைந்து, அவற்றுக்கிடையே அகன்ற இரத்தத் தந்துகிகள் ஓடுகின்றன. சில உயிரணுக்கள் அமிலச் சாயத்தை ஏற்றுச் சிவக்கின்றன. வளர்ச்சி ஹார்மோனையும் புரோலாக்டினையும் ஆக்குபவை இவையே. சில காரச் சாயத்தை ஏற்று நீலம் படர்கின்றன. தைராய்டையும் அட்ரினலையும் இனப்பெருக்கச் சுரப்பிகளையும் தூண்டும் ஹார்மோன்கள் இவற்றில் உருவாகின்றன. எஞ்சியவை சாயமேற்காமல் வெளிறி நிற்கின்றன. ஐயத்துக்கு இடமின்றி இது ஒரு சுரப்பி.

பின்கதுப்போ வெளிறியது, நார்நாராகத் தோன்றுவது. கல்லீரலையோ கணையத்தையோ நினைவூட்டும் எதுவும் அதில் இல்லை. மெல்லிய உறையற்ற நரம்பிழைகள், அவற்றினிடையே பிட்யூசைட்டுகள் எனப்படும் துணை உயிரணுக்கள், தந்துகிகள், ஆங்காங்கே காரணம் விளங்காத உருண்டைத் திரள்கள் ஆகியனவே அங்குள்ளவை. மூளைத் திசுவின் ஒரு துண்டைப் பார்ப்பதுபோலவே இருக்கும்.

இவ்வேறுபாட்டின் வேர் கருவளர்ச்சியில் உள்ளது. 1838இல் மார்ட்டின் ராத்கே விவரித்தபடி, முன்கதுப்பு கருவின் வாய்க்கூரையிலிருந்து மேல்நோக்கிக் குழியும் ஒரு பையிலிருந்து உருவாகிறது. பின்கதுப்பு மூளையின் அடித்தளத்திலிருந்து கீழ்நோக்கி இறங்கும் புனல் போன்ற நீட்சியிலிருந்து உருவாகிறது. வாயின் மகளும் மூளையின் மகளும் வழியில் சந்தித்து ஒட்டிக்கொண்டதே நாம் பிட்யூட்டரி என்று ஒற்றைப் பெயரில் அழைப்பது. இரண்டும் ஹைபோதலாமஸுடன் தொடர்புடையவை. ஆனால் எவ்வாறு? இக்கேள்விக்கு இரு கதுப்புகளுக்கும் இரு வேறு விடைகள் கிடைத்தன. அவ்விரண்டும் முதலில் தலைகீழாகவே கிடைத்தன என்பதுதான் இக்கதையின் சுவை.

முன்கதுப்பு: குழாய் தெரிகிறது, ஓட்டம் தெரியவில்லை

1930இல் இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் ருமேனிய உடற்கூற்றியலாளர் கிரிகோர் போப்பாவும் ஆஸ்திரேலியரான ஊனா ஃபீல்டிங்கும் காம்பின் நெடுக ஓடும் குழாய்களைக் குறித்து எழுதினர். அவை சாதாரண இரத்தக் குழாய்கள் அல்ல. மேல்முனையில், ஹைபோதலாமஸின் அடியில், ஒரு தந்துகி வலை உண்டு. கீழ்முனையில், முன்கதுப்பினுள், இன்னொரு தந்துகி வலை உண்டு. இரண்டையும் இக்குழாய்கள் இணைக்கின்றன. தந்துகியில் தொடங்கித் தந்துகியில் முடியும் குழாயைப் போர்ட்டல் குழாய் என்பர். குடலையும் கல்லீரலையும் இணைப்பது அதற்குப் பழகிய எடுத்துக்காட்டு. மூளையின் அடியிலும் அத்தகையதொன்று இருக்கிறது என்று காட்டியது பெரிய கண்டுபிடிப்பு.

அதனோடு அவர்கள் ஒரு முடிவையும் சேர்த்தனர். இரத்தம் பிட்யூட்டரியிலிருந்து மேலே ஹைபோதலாமஸுக்குச் செல்கிறது என்றனர். கட்டுரைத் தலைப்பிலேயே அத்திசை இடம்பெற்றது. அன்றைய மனநிலையில் இது இயல்பான வாசிப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. பிட்யூட்டரியே பிற சுரப்பிகளை ஆள்வது என்று நம்பப்பட்ட காலம் அது; நம் பாடநூல்களில் வழங்கும் 'தலைமைச் சுரப்பி' என்ற தொடரும் அந்நம்பிக்கையின் எச்சமே. தலைவனிடமிருந்து செய்தி மேலே மூளைக்கும் செல்லும் என்று எண்ணுவதில் வியப்பில்லை.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இறந்த உடலின் திசுவை வெட்டிக் கண்ணாடியில் பதித்தபின் அதில் ஓட்டம் என்பது இல்லை. குழாய் இருக்கிறது, அதனுள் உறைந்த இரத்த அணுக்களும் இருக்கின்றன. அவை எங்கிருந்து வந்தன, எங்கே போய்க்கொண்டிருந்தன என்பதைச் சொல்ல அந்த வெட்டில் எதுவுமில்லை. வினைத்திரிபு அழிந்துபோன கல்வெட்டு வாக்கியத்தைப் போன்றது அது. 'அரசன்', 'புலவன்', 'பரிசில்' என்ற மூன்று சொற்களும் நிற்கும். யார் கொடுத்தார், யார் பெற்றார் என்பது மட்டும் தெரியாது.

ஐந்தாண்டுகளுக்குப் பின், 1935இல், போனஸ் ஐரிஸ் நகரில் பெர்னார்டோ ஹூசேயும் உடனுழைத்தோரும் உயிருள்ள தேரையில் இக்குழாய்களைப் பார்த்தனர். இரத்தம் ஹைபோதலாமஸிலிருந்து கீழே பிட்யூட்டரிக்குச் சென்றது. தேரையில் கண்டது பாலூட்டிக்குப் பொருந்துமா என்ற ஐயம் இயல்பாகவே எழுந்தது. 1936இல் ஜார்ஜ் விஸ்லாக்கியும் எல். எஸ். கிங்கும் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தனர். அவர்களின் தருக்கம் எளியது. தமனிகள் மேலேயுள்ள தந்துகி வலையில் வந்து நுழைகின்றன. முன்கதுப்பிலிருந்து வெளியேறும் சிரைகள் அருகிலுள்ள சிரைக்குழிக்குள் வடிகின்றன. நுழைவாயில் மேலே, வடிகால் கீழே என்றால், இடையில் உள்ள குழாயில் ஓட்டம் கீழ்நோக்கியே இருந்தாக வேண்டும். வெட்டில் திசை இல்லை என்றாலும், முழு வலையையும் முனை முதல் முனை வரை பின்தொடர்ந்தால் திசையை உய்த்துணரலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

பாலூட்டியில் நேரடிக் காட்சி 1949இல் கிடைத்தது. ஜான் கிரீனும் ஜெஃப்ரி ஹாரிஸும் உயிருள்ள எலியின் காம்பை நுண்ணோக்கியின் கீழ்க் கொண்டுவந்து, போர்ட்டல் குழாய்களில் இரத்தம் மேலிருந்து கீழே ஓடுவதைக் கண்டனர்.

ஹாரிஸின் முயல், எலி, மெழுகுத்தாள்

ஓட்டத்தின் திசையை அறிவது வேறு, அந்த ஓட்டம் ஆணையைச் சுமக்கிறது என்று நிறுவுவது வேறு. ஹாரிஸ் இரண்டாவதைத் தம் வாழ்நாட்பணியாகக் கொண்டார்.

அவருக்குக் கைகொடுத்தது பெண்முயல். முயலில் கருமுட்டை தானாக வெளிப்படுவதில்லை. புணர்ச்சிக்குப் பின் ஏறத்தாழ பத்து மணி நேரத்தில் வெளிப்படும். புணர்ச்சி என்பது நரம்பு வழி வரும் தூண்டல். முட்டை வெளிப்படுவதோ முன்கதுப்பின் ஹார்மோனால். ஆகவே இடையில் எங்கோ நரம்புச் செய்தி ஹார்மோனாக மொழிபெயர்க்கப்படுகிறது. 1937இல், மாணவப் பருவம் கடந்த சிறிது காலத்திலேயே, ஹாரிஸ் முயலின் ஹைபோதலாமஸை மின்சாரத்தால் தூண்டி முட்டை வெளிப்படச் செய்தார். பின்னர் வேறு ஆய்வாளர்களும் அவரும் செய்த சோதனைகளில், மின்முனையை முன்கதுப்பிலேயே நேரடியாக வைத்துத் தூண்டியபோது முட்டை வெளிப்படவில்லை. மேலே தூண்டினால் பயன் உண்டு. சுரப்பியையே தூண்டினால் பயனில்லை. முன்கதுப்பு நரம்புக்குக் கட்டுப்பட்டிருந்தால் இது நிகழாது. திசுவியலும் இதற்கு ஒத்தே நின்றது: 1938இல் ராஸ்முசென் மனித முன்கதுப்பில் ஹைபோதலாமஸிலிருந்து வரும் நரம்பிழைகள் இல்லையென்று சொல்லத்தக்க அளவே உள்ளன என்று காட்டியிருந்தார். நரம்பில்லாத திசுவுக்கு மூளையின் செய்தி எவ்வழியாகச் செல்கிறது? எஞ்சியிருப்பது இரத்தம் ஒன்றே.

எனில், காம்பை வெட்டினால் முன்கதுப்பு செயலிழக்க வேண்டும். இச்சோதனையைப் பலர் முன்பே செய்திருந்தனர். முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. சிலரின் விலங்குகளில் இனப்பெருக்கச் சுழற்சி நின்றது. சிலரின் விலங்குகளில் சில நாள்களில் மீண்டது. மீண்டதைக் கண்டோர், காம்பு தேவையே இல்லை என்று முடிவு செய்தனர். ஹாரிஸ் அவ்விலங்குகளின் உள்ளே என்ன நடந்தது என்று பார்த்தார். எலிகளின் காம்பை வெட்டி, சில காலம் கழித்து அவற்றின் குழாய்களில் இந்திய மையைச் செலுத்தி, அப்பகுதியை வரிசையாகச் சீவி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். வெட்டுக்குக் குறுக்கே போர்ட்டல் குழாய்கள் மீண்டும் வளர்ந்து இணைந்திருந்தன. பின்னர், வெட்டிய இடத்தில் மெழுகுத்தாளின் சிறு தகடொன்றைச் செருகிக் குழாய்கள் மீளாமல் தடுத்தார். அந்த எலிகளில் சுழற்சி மீளவில்லை. இனப்பெருக்க உறுப்புகள் சுருங்கின. 1950இல் வெளிவந்த இவ்வாய்வில், சுழற்சி எவ்வளவு மீண்டதோ அது குழாய்கள் எவ்வளவு மீண்டன என்பதோடு பொருந்தியது.

ஓர் எதிர்வாதம் எஞ்சியது. குழாய் இல்லாமற்போனால் சுரப்பிக்கு உணவே இல்லாமற்போகிறது. அது ஆணையின்மையால் அன்று, பட்டினியால் செயலிழக்கிறது என்று சொல்லலாம் அல்லவா? இதற்கு விடையாக ஹாரிஸும் டோரா யாக்கப்சனும் 1952இல் செய்த ஒட்டுச் சோதனை, என் பார்வையில் இவ்வரலாற்றின் மிக அழகிய பகுதி. பெண் எலிகளின் பிட்யூட்டரியை அகற்றிவிட்டு, வேறு பிட்யூட்டரித் திசுவை இரண்டு இடங்களில் ஒட்டினர். ஒரு குழுவுக்கு ஹைபோதலாமஸின் அடியிலுள்ள மீடியன் எமினென்ஸ் என்னும் சிறு மேட்டுக்கு நேர் கீழே, போர்ட்டல் குழாய்களின் வாயிலில் ஒட்டினர். மற்றொரு குழுவுக்குச் சற்றுத் தள்ளி, மூளையின் பொட்டுக்கதுப்பின் அடியில் ஒட்டினர். இரண்டு இடங்களிலும் ஒட்டு பிழைத்தது. இரண்டிலும் இரத்தம் நன்கு பாய்ந்தது. ஆனால் மேட்டின் கீழ் இருந்தவற்றில் மட்டுமே சுழற்சி மீண்டது. சில எலிகள் கருவுற்று ஈன்றன, பாலும் ஊட்டின. தள்ளி ஒட்டியவற்றில் அது நிகழவில்லை. ஆகவே முன்கதுப்புக்கு இரத்தம் மட்டும் போதாது. ஹைபோதலாமஸைத் தொட்டு வரும் இரத்தம் வேண்டும்.

இதன்பிறகும் எதிர்ப்பு ஓயவில்லை. பர்மிங்ஹாமில் சாலி சக்கர்மன் வலிமை வாய்ந்த குரலாக இருந்தார். அவரும் தாம்சனும் ஃபெரட் என்னும் கீரி போன்ற விலங்கை எடுத்துக்கொண்டனர். குளிர்காலத்தில் செயற்கை ஒளியைக் காட்டினால் பெண் ஃபெரட் பருவத்துக்கு வரும். காம்பு வெட்டப்பட்டு, குழாய்கள் மீளவில்லை என்று அவர்கள் கருதிய விலங்கும் ஒளிக்கு இணங்கிப் பருவத்துக்கு வந்தது என்று 1953இல் அறிவித்தனர். ஒரே ஒரு விலங்கு போதும்; குழாய் இன்றியும் ஆணை செல்கிறது என்றால் கொள்கை முழுவதும் சரியும். ஹாரிஸும் டோனவனும் அதே சோதனையை ஃபெரட்டுகளில் திரும்பச் செய்து, 1954இல் விடையளித்தனர். தடுப்பு முழுமையாக இருந்தவை ஒளிக்கு இணங்கவில்லை. இணங்கியவற்றில் மீண்டு வளர்ந்த குழாய்கள் இருந்தன. இந்தச் சர்ச்சை முழுவதும் ஒரு சீவலில் தவறவிடப்படும் மெல்லிய தந்துகியைச் சுற்றியே சுழன்றது. 'குழாய் இல்லை' என்று எழுதுவதற்கும் 'குழாயை நான் காணவில்லை' என்று எழுதுவதற்கும் உள்ள தொலைவே அங்கு வழக்காக நின்றது.

இரத்தத்தில் இறங்கும் பொருள் எது என்பது அப்போதும் தெரியவில்லை. அது மிகமிகச் சிறிய அளவில் இருந்தது. உடல் முழுவதும் சுற்றிவந்தால் கரைந்து காணாமற்போகும் அளவு. சில மில்லிமீட்டர் நீளமுள்ள தனிக்குழாயில் நேராகச் சென்று சேர்வதால்தான் அது பயன்படுகிறது. போர்ட்டல் அமைப்பின் பொருள் அதுவே. அதே காரணத்தால், அப்பொருளைப் பிரித்தெடுக்க ரோஜர் கிலெமினும் ஆண்ட்ரூ ஷாலியும் தனித்தனியே போட்டியிட்டு, இறைச்சிக் கூடங்களிலிருந்து லட்சக்கணக்கான ஆடுகள், பன்றிகளின் ஹைபோதலாமஸ் துண்டுகளைச் சேகரித்து அரைக்க நேர்ந்தது. 1969இல் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை வெளிவிடச் செய்யும் பொருளின் அமைப்பு தெளிவானது. மூன்றே அமினோ அமிலங்கள். ஹாரிஸ் 1971இல் மறைந்தார். 1977இல் நோபல் பரிசு கிலெமினுக்கும் ஷாலிக்கும் கிடைத்தது.

பின்கதுப்பு: சுரப்பி உயிரணு இல்லாத சுரப்பி

என் தங்கையின் கேள்விக்கு இப்போது வருவோம். பின்கதுப்பின் சாறு இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது என்று 1898இல் ஹோவெல் காட்டினார். 1906இல் ஹென்றி டேல் அதே சாறு கருப்பையைச் சுருங்கச் செய்கிறது என்றார். 1913இல் அது அளவிறந்த சிறுநீர்ப்போக்கைக் கட்டுப்படுத்துவதும் தெரியவந்தது. இத்தனை ஆற்றல் வாய்ந்த ஹார்மோன்கள் அத்திசுவில் இருக்கின்றன. அவற்றை ஆக்கும் உயிரணுவை மட்டும் நுண்ணோக்கியில் காணோம்.

எடின்பரோவில் பெர்சி ஹெரிங் 1908இல் பின்கதுப்பின் திசுவில் கண்ணாடி போன்ற உருண்டைத் திரள்களை விவரித்தார். இன்றும் அவை ஹெரிங் உருண்டைகள் என்றே வழங்குகின்றன. சுரப்பு, முன் பின் கதுப்புகளுக்கு இடைப்பட்ட இடைக்கதுப்பின் உயிரணுக்களில் உருவாகி, பின்கதுப்பைக் கடந்து, மேலேறி மூளையின் மூன்றாம் அறைக்குள் சென்று கலக்கிறது. உருண்டைகள் அப்பயணத்தின் சுவடுகள் என்று அவர் கருதினார். உருண்டைகள் பயணத்தின் சுவடுகளே என்பது சரி. பயணம் மேல்நோக்கியது என்பதுதான் தவறு. இங்கும் அதே கதை: பொருள் கண்ணில் பட்டது, திசை புரண்டது.

நரம்பிழைகள் ஹைபோதலாமஸிலிருந்து பின்கதுப்புக்கு இறங்குவதை ரமோன் இ கஹால் 1894லேயே விவரித்திருந்தார். மனிதரில் அவ்விழைகள் ஏறத்தாழ ஒரு லட்சம் என்பது பிற்கால மதிப்பீடு. ஆகவே நரம்பு, பின்கதுப்பில் உள்ள ஏதோ ஓர் உயிரணுவுக்குச் சுரக்கும்படி ஆணையிடுகிறது என்றே நெடுங்காலம் எண்ணினர். பிட்யூசைட்டுகளே அந்த உயிரணுக்கள் என்று கருதியோரும் இருந்தனர். நரம்பே சுரப்பியாக இருக்கலாம் என்பது எளிதில் எவர் எண்ணத்துக்கும் வரவில்லை.

அவ்வாறு எண்ணியவர் எர்ன்ஸ்ட் ஷாரர். 1928இல் சிறு நன்னீர் மீனொன்றின் ஹைபோதலாமஸில் இருந்த பெரிய நரம்பணுக்கள் சுரப்பி உயிரணுக்களைப் போலவே துகள்களைத் தாங்கி நிற்பதைக் கண்டு, இவை சுரக்கின்றன என்று எழுதினார். நரம்பணு மின்துடிப்பைக் கடத்தும். சுரப்பி ஹார்மோனைச் சுரக்கும். இரண்டும் வேறு என்ற பாகுபாடு வேரூன்றியிருந்த காலத்தில் அவர் கருத்து ஏளனத்தோடே எதிர்கொள்ளப்பட்டது. அவரும் அவர் மனைவி பெர்ட்டா ஷாரரும் முதுகெலும்புள்ளவற்றையும் அற்றவற்றையும் பகுத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் சான்று திரட்டினர்.

முடிச்சை அவிழ்த்தது ஒரு சாயம். அதுவும் வேறு உறுப்புக்காக உருவாக்கிய சாயம். கோமோரி என்பவர் 1941இல் கணையத்தின் இன்சுலின் உயிரணுக்களைப் பிரித்துக் காட்டுவதற்காகக் குரோம் படிகார ஹீமடாக்சிலின் முறையை அமைத்தார். கீல் பல்கலைக்கழகத்தின் வொல்ஃப்காங் பார்க்மன் 1949இல் அதனை மூளைச் சீவல்களில் பயன்படுத்தினார். வழக்கமான சாயத்தில் வெளிறிக் கிடந்த பின்கதுப்பு ஆழ்ந்த நீலமாக நிறைந்தது. பின்கதுப்போடு அது நிற்கவில்லை. அந்த நீலம் காம்பின் நரம்பிழைகள் வழியாக மணிமணியாக மேலே தொடர்ந்து, ஹைபோதலாமஸின் இரண்டு நரம்பணுத் தொகுதிகளில் சென்று முடிந்தது. உயிரணு உடல், இழை, இழைமுனை ஆகிய மூன்றிலும் ஒரே பொருள். ஹெரிங் கண்ட உருண்டைகள் அவ்விழைகளில் பொருள் தேங்கிப் புடைத்த இடங்களே.

திசை? சாயம் ஏறிய சீவலும் அசையாத படமே. பொருள் மேலிருந்து இறங்கியதா, கீழிருந்து ஏறியதா என்பதை நீலநிறம் சொல்லாது. 1951இல் ஹில்டும் வேறு சிலரும் விலங்குகளின் காம்பை வெட்டிப் பார்த்தனர். வெட்டுக்கு மேலே, ஹைபோதலாமஸ் பக்கத்தில், சாயமேற்கும் பொருள் குவிந்தது. வெட்டுக்குக் கீழே, பின்கதுப்பில், அது வற்றியது. வாய்க்காலின் குறுக்கே மண்ணைப் போட்டால் நீர் எந்தப் பக்கம் தேங்குகிறதோ அந்தப் பக்கமே ஊற்று. பொருள் கீழ்நோக்கி வருகிறது. வாசோபிரஸினும் ஆக்சிடோசினும் ஹைபோதலாமஸின் நரம்பணுக்களில் உருவாகி, அவற்றின் சொந்த இழைகளின் உள்ளேயே பயணம் செய்து, பின்கதுப்பில் தங்கி, நரம்புத் துடிப்பு வரும்போது அங்குள்ள தந்துகிக்குள் விடப்படுகின்றன. பின்கதுப்பு ஒரு கிடங்கு, துறைமுகம். ஆலை மேலே இருக்கிறது.

இரு பாதைகளும் ஒரு நோயாளியிடம் பிரியும் இடம்

இவ்வேறுபாடு நுண்ணோக்கிக்குள் மட்டும் அடங்குவதன்று. 1937இல் நோயியலாளர் ஹெரால்ட் ஷீஹன் விவரித்த நிலையைப் பாருங்கள். மகப்பேற்றின்போது கடுங்குருதிப்போக்கால் இரத்த அழுத்தம் சரிந்து, பின்னர் உயிர்பிழைத்த பெண். முதல் அறிகுறி, பால் சுரக்காமை. பின் மாதவிடாய் திரும்புவதில்லை. மாதங்களோ ஆண்டுகளோ கழித்துச் சோர்வு, குளிர் தாங்காமை, அக்குள் மயிர் உதிர்தல், சிறு காய்ச்சலிலும் மயங்கி விழுதல் என்று ஒவ்வொன்றாகச் சேரும். முன்கதுப்பின் ஹார்மோன்கள் ஒவ்வொன்றாகக் குறைவதன் வரிசை அது. ஆனால் அவளுக்குப் பெரும்பாலும் அளவிறந்த சிறுநீர்ப்போக்கு இராது. பின்கதுப்பு வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

காரணம் நாம் மேலே கண்ட இரு பாதைகளே. கருவுற்ற காலத்தில் புரோலாக்டின் உயிரணுக்கள் பெருகி முன்கதுப்பு பருக்கிறது. அதற்கு வரும் இரத்தத்தில் பெரும்பகுதி ஒரு தந்துகி வலையை முன்பே கடந்து அழுத்தம் குறைந்த போர்ட்டல் இரத்தம். உடலின் அழுத்தம் சரியும்போது முதலில் வறள்வது கடைமடை வயல்தான். பின்கதுப்புக்கோ தனித் தமனி நேரே வருகிறது. அதன் ஹார்மோனை ஆக்கும் உயிரணுக்களும் அங்கில்லை, மேலே பத்திரமாக இருக்கின்றன.

தலைக்காயத்தால் காம்பே அறுந்தால் கதை வேறு. அப்போது சிறுநீர்ப்போக்கு உடனே தொடங்கும். ஆனால் வெட்டு கீழே இருந்தால் சில நாள்களிலோ வாரங்களிலோ அது தணியலாம், ஏனெனில் அறுபட்ட இழைகளின் மேல்முனை அங்கிருந்தே ஹார்மோனை இரத்தத்தில் விடக் கற்றுக்கொள்கிறது. வெட்டு மேலேறி நரம்பணுக்களே மடிந்தால் தணியாது. முன்கதுப்பின் ஹார்மோன்களும் குறையும். ஒன்று மட்டும் கூடும். அது புரோலாக்டின். ஹைபோதலாமஸ் அதற்கு அனுப்பும் ஆணை பெரும்பாலும் 'சுரக்காதே' என்பதே. தடை அறுந்ததும் அது பெருகுகிறது. ஒரு மருத்துவர் இரத்தச் சோதனைத்தாளில் புரோலாக்டின் உயர்ந்தும் பிற தாழ்ந்தும் இருப்பதைக் கண்டு காம்பை ஐயுறுவது இதனால்தான்.

போப்பாவும் ஃபீல்டிங்கும் முற்றிலும் தவறினரா என்றால், அதையும் சொல்லிவிட வேண்டும். 1970களின் இறுதியில் பெர்க்லண்டும் பேஜும் பிட்யூட்டரியின் குழாய்வார்ப்புகளை ஆராய்ந்து, சிறிதளவு இரத்தம் சில வழிகளில் மூளையை நோக்கியும் செல்லக்கூடும் என்று வாதிட்டனர். பேராற்றில் ஓட்டம் கீழ்நோக்கியதுதான். ஓரத்துச் சுழிப்புகளைப் பற்றிய பேச்சு முடியவில்லை.

என் தரவுத்தாளுக்குத் திரும்புகிறேன். முன்கதுப்புக்குச் 'சுரக்கிறது' என்பதை அப்படியே விட்டேன். பின்கதுப்புக்கு அதை நீக்கி 'வெளிவிடுகிறது' என்று திருத்தினேன். 'சுரக்கிறது' என்பதற்கு எழுவாயாக ஹைபோதலாமஸை வைத்தேன். பள்ளிப் பாடநூல்களிலும் வினாத்தாள்களிலும் இந்த ஒரு வினைமுற்று எவ்வாறு வழங்குகிறது என்பதை இப்போது தொகுத்துவருகிறேன். தங்கள் கையில் உள்ள தமிழ் உயிரியல் நூல்களில் பின்கதுப்புக்கு எந்த வினை ஆளப்பட்டுள்ளது என்பதை நூலின் பதிப்பாண்டோடு கருத்துப்பகுதியில் குறிப்பிட்டால் நன்றியுடையவனாவேன். பிழைகள் இருப்பின் மருத்துவம் பயின்றோர் சுட்டிக்காட்டுக. என் தங்கை முன்பே மூன்றைத் திருத்திவிட்டாள்.